26 லட்சம் பேரும் 36 டி-சர்ட்டும்

2019ஆம் ஆண்டு அமெரிக்க இளம்பெண் ஒருவர் சொந்தமாக டி-சர்ட் விற்கத் தொடங்கினார். இன்ஸ்டாகிராமில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 26 லட்சம் பேர். உடை தயாரிக்கும் நிறுவனம் கேட்ட குறைந்தபட்ச ஆர்டர் 36. அதுகூடத் தேறவில்லை.

சில ஆயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை பின்தொடரும் 'மைக்ரோ இன்ஃப்ளூயன்சர்'களைச் சிறு வியாபாரிகள் நாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஓர் உதாரணக் கணக்கு. கோவை, திருப்பூரில் மட்டும் டெலிவரி செய்யும் செக்கு எண்ணெய்க்காரர் ஒருவர் முன் இரண்டு சமையல் பக்கங்கள் உள்ளன. முதல் பக்கத்துக்கு 90,000 பேர், இரண்டாவதற்கு 12,000 பேர். இருவரிடமும் அவர் கேட்க வேண்டியது 'இன்சைட்ஸ்' விவரத்தை. பார்வையாளர்கள் எந்த ஊர், என்ன வயது என்பதெல்லாம் அதில் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்திவிடலாம், திரையை ஓட்டிக்காட்டும் வீடியோவாகக் கேட்பது நல்லது. பெரிய பக்கத்தின் ரசிகர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்தால், எண்ணெய்க்காரருக்கு அவர்களால் பயனில்லை.

பிறகு கமென்ட்கள். "சூப்பர் அக்கா" என்ற வரிசையைவிட, "கடலையெண்ணெயில் பொரித்தால் நுரைக்குமா?" என்ற ஒரு கேள்வி மதிப்புள்ளது. கேட்டவர் அடுப்படியில் நிற்பவர்.

ஒப்பந்தம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்: ஒரு ரீல், லிங்க் வைத்த இரண்டு ஸ்டோரி, வெளியாகும் தேதி, முன்கூட்டிப் பார்த்து ஒருமுறை திருத்தும் உரிமை, எத்தனை நாள் நீக்காமல் வைக்க வேண்டும், எத்தனை நாள் வேறு எண்ணெயை விளம்பரப்படுத்தக் கூடாது. பெரும்பாலோர் மறப்பது வீடியோவின் உரிமையை. அதே ரீலைப் பின்னர் காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவதற்கும் அனுமதியும் தொகையும் அப்போதே பேசப்பட வேண்டும். விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்வது கட்டாயம். 2023இல் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இலவசமாகப் பொருள் தந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

விளைவை அளக்க ஆளுக்கொரு தள்ளுபடிக் கோடு. பெரிய பக்கத்துக்கு ரூ.20,000 கொடுத்து 25 புது வாடிக்கையாளர் வந்தால், ஒருவருக்கு ரூ.800. சிறிய பக்கத்துக்கு ரூ.5,000 கொடுத்து 20 பேர் வந்தால் ரூ.250. இலவச எண்ணெயும் தள்ளுபடியும் இதற்கு மேல். கோடு வெளியே பரவி, வழக்கமாக வாங்குபவர்களும் அதைப் போடுவார்கள். எனவே பழைய வாடிக்கையாளர்களின் எண்களைக் கழித்த பிறகே கணக்கிட வேண்டும். ரீலைப் பார்த்தும் கோடு போடாமல் வாங்குபவர்களும் உண்டு. "எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?" என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொண்டால் அவர்களும் கணக்கில் வருவார்கள்.

எண்ணெய் தீர ஒரு மாதமாவது ஆகும். ஆகவே உண்மையான விடை இரண்டாம் மாதத்தில்தான். பெரிய பக்கத்து 25 பேரில் 3 பேரும், சிறிய பக்கத்து 20 பேரில் 8 பேரும் மறுபடி வாங்கினால், நிலைத்த வாடிக்கையாளர் ஒருவருக்கான செலவு முதலாவதில் ரூ.6,600ஐத் தாண்டுகிறது, இரண்டாவதில் ரூ.625தான். அடுத்த ஒப்பந்தம் யாரோடு என்பதை அந்த வித்தியாசத்தை வைத்தே அவர் முடிவு செய்யலாம்.