செவ்வாய்க்கு எத்தனை நிலா? எண்ணே இல்லாமல் ஒரு பதில்

1877 ஆகஸ்ட் மாதம். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் 26 அங்குலத் தொலைநோக்கி வழியாக ஆசஃப் ஹால் செவ்வாய்க் கிரகத்தை இரவு இரவாகத் துழாவிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கு நிலா உண்டா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. (1726இல் வந்த ‘கலிவரின் பயணங்கள்’ கதையில் ஜோனதன் ஸ்விஃப்ட் இரண்டு நிலாக்கள் இருப்பதாக எழுதியிருந்தார். அது குருட்டாம்போக்கில் விழுந்த அடி.) ஹாலுக்கு முதலில் ஒரு நிலா அகப்பட்டது. சில நாட்களில், கிரகத்துக்கு இன்னும் நெருக்கமாக இன்னொன்றும் தெரிந்தது. முன்னது டெய்மோஸ், பின்னது ஃபோபோஸ்.

இந்த ஃபோபோஸ்தான் அவரைக் குழப்பியது. ஒரே இரவில் ஒரு முறை கிரகத்தின் இந்தப் பக்கம் தெரிந்தது. சில மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் தெரிந்தது. உள்வட்டத்தில் இரண்டு மூன்று நிலாக்கள் இருக்க வேண்டும் என்றே அவர் முதலில் நினைத்தார். கிரகம் தன்னைத் தானே ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் ஒரு நிலா அதைச் சுற்றி வந்துவிடும் என்பது நம்பக்கூடியதாக இல்லை. தொடர்ந்து கண்காணித்த பிறகே எல்லாம் ஒரே நிலா என்று தெளிந்தது. செவ்வாய் ஒரு முறை சுழல 24 மணி 37 நிமிடம் ஆகிறது. ஃபோபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் அதை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது.

ஹாலுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. இங்கே பார்த்ததும் அங்கே பார்த்ததும் ஒன்றா, வேறா என்பதுதான் அவருடைய சிக்கல். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் எண்ணிக்கை தானாக வந்துவிடும். பயனிலைத் தர்க்கம் என்னும் குறியீட்டு மொழி ‘இரண்டு’ என்பதை இப்படித்தான் சொல்கிறது. அதில் 2 என்ற எண்ணே வராது. ‘ஒன்றே’ என்பதைக் குறிக்கும் = மட்டும் போதும்.

நமக்குத் தேவையான குறிகள் கொஞ்சம்தான். N(x) என்றால் ‘x செவ்வாயின் நிலா’. ∃x என்றால் ‘இப்படி ஒரு x உண்டு’. ∀x என்றால் ‘எந்த x-ஐ எடுத்தாலும்’. ∧ ‘மேலும்’, ∨ ‘அல்லது’, → ‘என்றால்’, ¬ ‘இல்லை’. x = y என்றால் இரண்டு எழுத்தும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன; x ≠ y என்றால் வெவ்வேறு பொருள்களைச் சுட்டுகின்றன.

முதலில் ‘குறைந்தது இரண்டு நிலா உண்டு’. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

```
∃x ∃y (N(x) ∧ N(y))
```

இரண்டு எழுத்து இருக்கிறதே, இரண்டு நிலா ஆயிற்றே என்று தோன்றும். ஆகவில்லை. x, y என்பவை பெயர்ச்சீட்டுகள்தான். இரண்டு சீட்டையும் ஒரே பொருளின் மேல் ஒட்டத் தடை ஏதும் இல்லை. சோதித்துப் பார்ப்பது எளிது. N(x)-ஐ ‘x பூமியின் நிலா’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். நம் நிலாவையே x ஆகவும் y ஆகவும் எடுத்துக்கொண்டால் வாக்கியம் உண்மையாகிவிடும். பூமிக்கு இருப்பது ஒரு நிலாதானே! முதல் சில இரவுகளில் ஹால் இருந்ததும் இதே இடத்தில்தான்: இங்கே ஒன்று கண்டேன், அங்கே ஒன்று கண்டேன், அவ்வளவே. விடுபட்டதைச் சேர்த்தால்:

```
∃x ∃y (N(x) ∧ N(y) ∧ x ≠ y)
```

இது பூமிக்குப் பொய், செவ்வாய்க்கு உண்மை. நாற்பது நிலா உள்ள கிரகத்துக்கும் உண்மைதான். ‘குறைந்தது’ என்றுதானே சொன்னோம்.

அடுத்து ‘அதிகம் போனால் இரண்டு’. இதைச் சொல்லும் வழி கொஞ்சம் தந்திரமானது. மூன்று சீட்டுகளை எடுத்து மூன்றையும் நிலாக்களின் மேல் ஒட்டச் சொல்கிறோம். எப்படி ஒட்டினாலும் எங்காவது இரண்டு சீட்டு ஒரே நிலாவில் விழுந்தே தீரும் என்கிறோம்.

```
∀x ∀y ∀z ((N(x) ∧ N(y) ∧ N(z)) →
          (x = y ∨ y = z ∨ x = z))
```

கடைசியில் மூன்று இணைகளும் வர வேண்டும். x = z-ஐ விட்டுவிட்டால் என்ன ஆகும்? இரண்டு நிலா உள்ள செவ்வாயையே எடுங்கள். x ஃபோபோஸ், y டெய்மோஸ், z மறுபடி ஃபோபோஸ். x = y பொய், y = z பொய். வாக்கியமே பொய்யாகிவிடுகிறது, இருப்பது இரண்டே நிலா என்றாலும்.

இந்த வாக்கியம் ஒரு நிலாகூட இருப்பதாகச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். வெள்ளிக் கிரகத்துக்கு நிலாவே கிடையாது. அதற்கும் இது உண்மை. பேச்சில் ‘ரெண்டு பேருக்கு மேல வரமாட்டாங்க’ என்றால் யாராவது வருவார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். குறியீட்டு மொழி அந்தச் சலுகையைத் தருவதில்லை. கேட்பவர் ஊகித்துக்கொள்ள எதையும் விட்டுவைக்காததுதான் அதன் பலம் என்பேன்.

இனி ‘சரியாக இரண்டு’. மேலே உள்ள இரண்டையும் ∧ போட்டு இணைத்தாலே போதும். ஆனால் வழக்கமாக எழுதுவது இதைவிடச் சுருக்கமானது:

```
∃x ∃y (N(x) ∧ N(y) ∧ x ≠ y ∧
       ∀z (N(z) → (z = x ∨ z = y)))
```

வெவ்வேறான இரண்டு நிலாக்கள் உண்டு. வேறு எதையாவது நிலா என்று நீட்டினால் அது இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும். இங்கே இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, ∀z பகுதியை வெளி அடைப்புக்குறிக்கு அப்பால் எழுதிவிடுவது. அப்போது கடைசியில் நிற்கும் x, y எவற்றைச் சுட்டுகின்றன என்பதே தெரியாமல் போய்விடும். மற்றது, → போட வேண்டிய இடத்தில் ∧ போடுவது. அப்படிப் போட்டால் ‘எந்தப் பொருளை எடுத்தாலும் அது செவ்வாயின் நிலா, மேலும் அது x அல்லது y’ என்று ஆகிவிடும். பூமி, சூரியன், நீங்கள், நான் எல்லாரும் ஃபோபோஸோ டெய்மோஸோ ஆகிவிடுவோம்.

= இல்லாமல் இதையெல்லாம் சொல்ல முடியாதா? முடியாது. ஒரே ஒரு நிலா உள்ள உலகத்தைக் கற்பனை செய்யுங்கள். அந்த நிலாவுக்கு எல்லா வகையிலும் அச்சு அசலான ஓர் இரட்டையைச் சேர்த்துவிடுங்கள். முதல் நிலாவுக்கு உள்ள எல்லாப் பண்பும் எல்லா உறவும் இரட்டைக்கும் உண்டு. = வராத எந்த வாக்கியமும் பழைய உலகத்தில் உண்மையாக இருந்தால் புதியதிலும் உண்மை, அங்கே பொய் என்றால் இங்கேயும் பொய். ஒன்றையும் இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த மொழிக்கு வழியே இல்லை.

எண்ணைப் பற்றிய இந்தப் பார்வைக்குப் பின்னால் இருப்பவர் ஜெர்மானியக் கணித அறிஞர் கோட்லோப் ஃப்ரேகே. இன்றைய பயனிலைத் தர்க்கத்துக்கு அடிப்படையான நூலை, ஹால் நிலாக்களைக் கண்டு இரண்டே ஆண்டில், 1879இல் வெளியிட்டார். இன்று நாம் எழுதும் குறிகள் மட்டும் பிற்காலத்தவை. 1884இல் வந்த எண்கணிதத்தின் அடிப்படைகள் பற்றிய நூலில், எண்ணிக்கை என்பது பொருளைப் பற்றிய கூற்று அல்ல, ஒரு கருத்தைப் பற்றிய கூற்று என்றார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் வெள்ளிக்குச் சுழியம் நிலா என்பது. இல்லாத நிலாக்களுக்கு ஏது பண்பு? ‘வெள்ளியின் நிலா’ என்ற கருத்தின் கீழ் எதுவும் வரவில்லை என்பதே அந்தச் சுழியம்.

எண் பெரிதாகும்போது வாக்கியம் வீங்கும். வேறு, வேறு என்று சொல்ல வேண்டிய இணைகள் இரண்டு பொருளுக்கு 1, மூன்றுக்கு 3, நான்குக்கு 6, பத்துக்கு 45. ஒரு தாளை எடுத்துச் ‘சரியாக மூன்று’ என்பதை எழுதிப் பாருங்கள். ≠ மூன்று இடத்தில் வந்திருக்க வேண்டும். இரண்டு இடத்தில்தான் வந்திருக்கிறது என்றால், இரண்டே நிலா உள்ள செவ்வாயை வைத்துச் சோதியுங்கள். உங்கள் வாக்கியம் அதற்கும் உண்மையாகிவிடும்.