இருபது நிமிடம்

செஷன்ஸ் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கும்போது அரசு வழக்கறிஞர் எழுந்து, எதிரி மீதான குற்றச்சாட்டு என்ன, அதை எந்தெந்தச் சாட்சியங்களால் நிரூபிக்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 226-வது பிரிவு அது, இப்போது பி.என்.எஸ்.எஸ்.-ல் 249. நடைமுறையில் பலரும் இதைச் செய்வதில்லை. இந்தப் பிரிவு மறக்கப்பட்டுவிட்டது என்று 2022-ல் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே வருந்தியது. அதனால் சட்டக் கல்லூரி மாணவர்களை மாதிரி விசாரணைத் தேர்வுக்குத் தயார்செய்யும்போது, ஐந்து நிமிடத் தொடக்க உரைக்குத்தான் அதிக நாள் ஒதுக்குகிறேன்.

நான் கொடுக்கும் கற்பனை வழக்கு எளிமையானது. வரப்புத் தகராறில் இருக்கும் இரண்டு விவசாயிகள் மாலையில் டீக்கடையில் சந்திக்கிறார்கள். வாய்ச்சண்டை முற்றி ஒருவர் மற்றவரை அறைந்துவிடுகிறார். அறை வாங்கியவர் போய்விட்டு, அரிவாளோடு திரும்பி வந்து, அறைந்தவரின் கழுத்தோரம் வெட்டுகிறார். வெட்டுப்பட்டவர் பிழைத்துக்கொள்கிறார். வெட்டியவர் மீது கொலை முயற்சி வழக்கு, பி.என்.எஸ். 109-வது பிரிவு.

முதல் வரைவில் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். சம்பவத்தைக் காலையிலிருந்து வரிசையாகச் சொல்வார்கள்; நடுவில் 'ஈவிரக்கமற்ற கொடூரன்' என்று ஒரு வசவு வரும். அறைந்த விஷயம் மட்டும் காணாமல் போயிருக்கும். தங்கள் கட்சிக்காரர் முதலில் கை நீட்டினார் என்பதைச் சொல்லப் பயம். எதிர்த்தரப்பு எழுந்ததும் அதைத்தான் முதலில் சொல்லும்: "அடித்தவர் யார் என்பதை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது. இது திடீர்ச் சண்டை." அந்த வாதம் எடுபட்டால் குற்றம் 110-வது பிரிவுக்கு இறங்கிவிடும், தண்டனையும் குறையும்.

வழக்கின் 'தியரி' என்று வக்கீல்கள் சொல்வது இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. நமக்குச் சாதகமானதையும் பாதகமானதையும் சேர்த்து விளக்கும் ஒரே விடைதான் அது. இந்த வழக்கில் அதைத் தேடியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், அவர் போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?" கேஸ் கட்டில் பதில் இருந்தது. எதிர்க்கடை கேமராவில் அவர் டீக்கடையை விட்டுப் போவது 7.10, திரும்பி வருவது 7.30. அந்த இடைவெளியைப் பிடித்ததும் அறையை மறைக்கத் தேவையில்லாமல் போயிற்று. அறை கோபத்துக்குக் காரணம். இருபது நிமிடமும் அரிவாளும் கொல்லும் எண்ணத்துக்குச் சாட்சி.

அவள் உரை இப்படித் தொடங்கியது: "மாண்புமிகு நீதிபதி அவர்களே, காயம்பட்டவர் எதிரியை அறைந்தார். அதை அவரே சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொள்வார். அறை வாங்கிய எதிரி திருப்பி அடிக்கவில்லை. வீட்டுக்கு நடந்தார். இருபது நிமிடம் கழித்து அரிவாளோடு வந்தார்." அதன்பிறகு டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பெண், டாக்டர் மூவரும் எதைச் சொல்வார்கள் என்று ஆளுக்கு இரண்டு வரி.

அதிலும் இரண்டு தவறுகள் இருந்தன. "எதிரி போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருந்தாள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவர் சொன்ன தகவலின்பேரில் அரிவாள் கிடைத்தது என்றால், அந்தக் கண்டெடுப்புக்கு இட்டுச்சென்ற பகுதி மட்டுமே ஏற்கப்படும். இன்னொன்று, "பக்கத்து வீட்டுப் பெண் அரிவாளைப் பார்த்தார்" என்ற வரி. போலீஸ் விசாரணையில் அவர் சொன்னது, "சாக்கில் சுற்றி எதையோ எடுத்துப்போனார்" என்பதுதான். தொடக்க உரையில் ஒரு இழை கூடுதலாகச் சொன்னாலும், கடைசி வாதத்தில் எதிர்த்தரப்பு அதை வார்த்தை மாறாமல் திருப்பிப் படித்துக்காட்டி, "இதை நிரூபிப்போம் என்றார்களே, எங்கே?" என்று கேட்கும். சாக்கு என்றே சொல்லச் சொன்னேன். டீக்கடையில் அந்தச் சாக்கு பிரிந்ததைப் பார்த்தவர் கடைக்காரர், அவர் சொல்லட்டும்.

தேர்வன்று எதிர்த்தரப்பில் நின்ற மாணவன் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தான். கேமராவின் கடிகாரம் 11 நிமிடம் வேகமாக ஓடுவதாக விசாரணை அதிகாரியே குறித்திருக்கிறார், அந்த நேரக் கணக்கை எப்படி நம்புவது என்று தாக்கத் திட்டம். ஆனால் அவள் தன் உரையிலேயே அதைச் சொல்லி முடித்திருந்தாள்: "அந்தக் கடிகாரம் 11 நிமிடம் வேகம். எதிரி போனதையும் வந்ததையும் காட்டியது அதே கடிகாரம்தான்."