உயர் இரத்த அழுத்த நெருக்கடி

இரத்த அழுத்தம் 180/120-க்கு மேல் ஏறுவது உயர் இரத்த அழுத்த நெருக்கடி எனப்படும். உறுப்புகளில் புதிதாகச் சேதம் ஏற்பட்டிருந்தால் அது எமர்ஜென்சி, இல்லையெனில் அர்ஜென்சி. இரண்டையும் பிரிப்பது எண் அன்று, சேதமே.

கப்பலூரில் இருவருக்கு 220/130 இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் மாத்திரையை நிறுத்தியவர். வேறு தொந்தரவு இல்லை. இது அர்ஜென்சி. ஓய்வுக்குப்பின் மீண்டும் அளந்து, மருத்துவர் தரும் மாத்திரையால் ஓரிரு நாட்களில் மெல்லக் குறைத்தால் போதும்.

மற்றவருக்கு மனக்குழப்பம், பார்வை மங்கல், மூச்சுத்திணறல் உள்ளன. நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒருபக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவையும் எமர்ஜென்சிக்கு அறிகுறிகளே. 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சை வசதியுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடத்தில் சேர்க்க வேண்டும். அங்கே நரம்பு வழியாக மருந்து செலுத்துவர்.

முதல் மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தை 25 விழுக்காட்டுக்கு மேல் குறைப்பதில்லை. 220/130-இன் சராசரி 160. அதில் கால் பங்கு போனால் 120. இது ஏறத்தாழ 160/100-க்குச் சமம். அதற்குக் கீழே கொண்டுவர ஓரிரு நாட்கள் எடுத்துக்கொள்வர்.

நெடுநாள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக் குழாய்கள் திடீர் இறக்கத்தைத் தாங்குவதில்லை. இரத்தம் குறைந்து பக்கவாதம் வரலாம். நாக்கின் அடியில் நிபெடிபின் கொடுக்கும் பழைய வழக்கம் இதனாலேயே கைவிடப்பட்டது.

விதிவிலக்குகள் உண்டு. பெருந்தமனி கிழிந்தால் மேல் அழுத்தத்தை விரைவாக 120-க்குக் கீழே இறக்குவர். இரத்தக்கட்டியால் வந்த பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் மருந்து தராதபோது, 220/120 வரை பெரும்பாலும் குறைக்காமல் விடுவர்.