பழைய எல்சிடி திரையில் தமிழ் எழுத்தைத் துலக்குவது

எல்சிடி திரையின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று செங்குத்துக் கீற்றுகளால் ஆனது. விண்டோஸில் உள்ள கிளியர்டைப் இந்த மூன்றையும் தனித்தனியே கூட்டிக் குறைத்து, எழுத்தின் ஓரங்களைப் பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு நுணுக்கத்தில் வரைகிறது. விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இந்த வசதி இருந்தது. விஸ்டாவிலிருந்து தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது.

கீற்றுகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டிருப்பதால் இந்த நுணுக்கமும் பக்கவாட்டில்தான் கிடைக்கும். ‘ண’ போல நெருங்கி நிற்கும் கால்கள் கொண்ட எழுத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் சுழியின் மேல் வளைவு, கீழ் வளைவு, உகரக் கொக்கி ஆகியவற்றுக்கு அவ்வளவு பயன் இல்லை. நோட்பேடு போன்ற பழைய பாணிச் செயலிகளில் இந்த வளைவுகள் படிப்படியாக வெட்டுப்பட்டுத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பதினேழு அங்குல, 1280 × 1024 பிக்சல் திரை ஒன்று விஜிஏ கேபிள் வழியாக விண்டோஸ் 10 கணினியில் இணைந்திருப்பதாகக் கொள்ளலாம். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று யாரோ அதை 1024 × 768-க்கு மாற்றியிருப்பார்கள். பழைய திரைகளில் மிகச் சாதாரணமாகக் காணும் தவறு இது. அப்போது கணினி அனுப்பும் ஒரு பிக்சல், திரையின் ஒன்றேகால் பிக்சலில் பரவ வேண்டியிருக்கிறது. கீற்றுகளைக் கணக்கிட்டு வரைந்த ஓரமெல்லாம் கலைந்து, எழுத்தைச் சுற்றிச் சாயம் பூசியதுபோல் ஆகிவிடும். இந்த நிலையில் கிளியர்டைப்பை எவ்வளவு திருகினாலும் பலன் இராது.

எனவே முதல் வேலை, Settings-இல் System, Display பகுதிக்குப் போய், Recommended என்று குறித்திருக்கும் அளவைத் தேர்ந்தெடுப்பது. எழுத்து சிறுத்துப்போனால், அதே பக்கத்தில் எழுத்தளவை 100% என்பதிலிருந்து 125% ஆக்கலாம். Nirmala UI எழுத்துருவின் 9 புள்ளி அளவு 100 விழுக்காட்டில் 12 பிக்சல். 125 விழுக்காட்டில் 15 பிக்சல். மேலே விலங்கு, புள்ளி, கீழே கொக்கி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், கூடும் மூன்று பிக்சல் தமிழுக்குச் சிறிய வரவல்ல. சில பழைய செயலிகள் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகே புதிய அளவுக்கு வரும்.

அடுத்தது விஜிஏ கேபிள். அதில் வருவது அனலாக் சைகை என்பதால், பிக்சலின் எல்லையைத் திரையே ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தவறினால் செங்குத்துக் கோடுகள் நடுங்கும், அல்லது பட்டை பட்டையாக மங்கும். எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுவதும் விரித்துவைத்து, திரையின் ஆட்டோ பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். வெறும் டெஸ்க்டாப்பில் அழுத்தினால் திரைக்குக் கணக்கிடப் போதிய விளிம்புகள் கிடைக்காமல் போகலாம். கணினியிலும் திரையிலும் டிவிஐ இணைப்பு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதன் பிறகுதான் கிளியர்டைப். விண்டோஸ் பொத்தானுடன் R அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சிட வேண்டும்:

```
cttune
```

முதல் பக்கத்தில் Turn on ClearType குறியிட்டிருக்க வேண்டும். பிறகு மாதிரிகள் பக்கம் பக்கமாக வரும்; ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெளிவானதைச் சொடுக்கிக்கொண்டே போகலாம். இந்தத் தேர்வுகள் கீற்றுகளின் வரிசையையும் எழுத்தின் அடர்த்தியையும் தீர்மானிக்கின்றன. சில திரைகளில் கீற்றுகள் நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக இருக்கும். வரிசை மாறினால் எழுத்தின் இருபுறமும் நிறக்கரை பளிச்சென்று தெரியும்.

ஆங்கில விண்டோஸில் இந்த மாதிரிகள் ஆங்கிலத்தில்தான் வரும், சிக்கலே அங்கேதான். ஆங்கிலத்துக்கு எடுப்பாக இருக்கும் கரிய மாதிரி, தமிழில் சுழிகளை அடைத்துவிடக்கூடும். மிக வெளிறியதைத் தேர்ந்தால் மெய்யின் புள்ளி கரைந்துபோகும். ஆகவே முடித்ததும் நோட்பேடில், வழக்கமாகப் படிக்கும் அளவில், ‘கண்ணன் மன்னன் ஞாழல் இஞ்சி’ என்று அடித்துப் பார்ப்பது நல்லது. ‘ண’, ‘ன’ இரண்டும் ஒரே பார்வையில் பிரிந்து தெரிகின்றனவா, புள்ளி நிற்கிறதா, ‘ஞ’வின் உள்வெளி திறந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மீண்டும் ஓட்டி ஒரு படி மாற்றித் தேர்ந்துகொள்ளலாம். எழுத்தோரத்தில் வெள்ளை நிழல் தெரிந்தால் கோளாறு விண்டோஸில் இல்லை. திரையின் சொந்த மெனுவில் ஷார்ப்னெஸ் கூடியிருக்கிறது.

இந்த அமைப்பு எல்லாச் செயலிகளையும் எட்டாது. ஆபீஸ் 2013 முதல் வேர்டு போன்றவை கீற்றுகளை விட்டுச் சாம்பல் நிறத்தால் மட்டுமே ஓரங்களை மென்மையாக்குகின்றன. அங்கே எழுத்தளவைக் கூட்டுவதே வழி. திரையைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தாலும் கீற்றுகள் படுக்கைவாட்டில் ஆகி, கிளியர்டைப்பின் கணக்கு பொய்த்துவிடும். அப்படி வைத்திருப்பவர்கள் அதை நிறுத்திப் பார்ப்பது மேல்.