ஒரே பெயரில் இரண்டு நூல்: தொகுதியையும் வரிசையையும் சான்று காட்டும் முறை

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் ஆங்கிலத்தில் எழுதிய ‘தமிழ் லிட்டரேச்சர்’ என்ற நூலை 1974இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரிலுள்ள ஹாரசோவிட்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் லைடன் நகரிலிருந்து பிரில் பதிப்பகம் ‘தமிழ் லிட்டரேச்சர்’ என்ற நூலை வெளியிட்டது. ஆசிரியரும் அதே சுவெலபில்தான். ஆனால் பின்னது முன்னதன் மறுபதிப்பு அல்ல, தனி நூல். ஆகவே ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ‘சுவெலபில், தமிழ் லிட்டரேச்சர், ப. 120’ என்று மட்டும் இருந்தால், படிப்பவர் எந்த நூலை எடுப்பது என்று தெரியாமல் நிற்பார். ஆண்டைச் சேர்த்தால் ஓரளவு தெளியும். ஆனால் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் படியெடுக்கும்போது எளிதில் பிழையாவதும் ஆண்டுதான். நான்கு ஐந்தாக மாற ஒரு கைத்தவறு போதும்.

இந்த இரண்டையும் ஐயமறப் பிரித்துக் காட்டுவது, ஒவ்வொன்றும் எந்தப் பெரிய வெளியீட்டுக்குள் அடங்குகிறது என்ற செய்திதான். 1974ஆம் ஆண்டு நூல், டச்சு அறிஞர் யான் கோண்டா பொதுப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த ‘எ ஹிஸ்டரி ஆஃப் இந்தியன் லிட்டரேச்சர்’ என்ற இந்திய இலக்கிய வரலாற்றில் பத்தாம் தொகுதியின் முதற் பகுதி. 1975ஆம் ஆண்டு நூல், ‘ஹாண்ட்புக் டெர் ஓரியென்டாலிஸ்டிக்’ என்ற கீழைத்தேயவியல் கையேட்டு வரிசையைச் சேர்ந்தது. இந்தச் செய்தி குறிப்பில் இருந்தால், ஆண்டு பிழையாக அச்சேறியிருந்தாலும் நூல் அகப்பட்டுவிடும்.

பெரிய வெளியீடு என்பதில் இரு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன. முதல் வகை பல தொகுதிகளாக அமைந்த ஒரே நூல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அது வெளிவந்தது. அதன் மூன்றாம் தொகுதிக்கென்று தனிப் பொருள் எதுவும் இல்லை. அகரவரிசையில் ஒரு துண்டு, அவ்வளவே. மற்ற தொகுதிகள் இல்லையென்றால் அது குறை நூல். இரண்டாம் வகை நூல்வரிசை. சாகித்திய அகாதெமியின் ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ வரிசையில் வரும் ஒவ்வொரு நூலும் ஓர் எழுத்தாளரைப் பற்றியது, தன்னளவில் முழுமையானது. வரிசையின் பெயர் தெரியாமலே ஒருவர் அதைப் படித்து முடிக்கலாம்.

மற்றவை இல்லாவிட்டால் கையிலுள்ள புத்தகம் குறைபடுகிறதா என்று கேட்டாலே இரண்டையும் பிரித்துவிடலாம். குறைபட்டால் அது தொகுதி. தொகுதி எண் இன்றி அதைச் சான்று காட்டவே முடியாது. குறைபடாவிட்டால் வரிசை நூல். வரிசையின் பெயரும் எண்ணும் அடையாளத்துக்கு உதவும் துணைச் செய்திகள். கோண்டாவின் இலக்கிய வரலாறு இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஒரே திட்டத்தின் கீழ் தொகுதி எண்களோடு வந்ததால் அது ஒரு பெருநூல். ஒவ்வொரு பகுதியையும் ஓர் அறிஞர் தனி நூலாகவே எழுதியதால் அது வரிசை போன்றது. இத்தகைய வெளியீட்டைத் தொகுதியாகவே குறிப்பது பாதுகாப்பானது. வரிசையாகக் கொண்டு எண்ணை விட்டுவிட்டால் நூலகத்தில் தேடுபவருக்கு வழி அடைபடும்; தொகுதியாகக் கொண்டு எண்ணைத் தருவதால் யாருக்கும் இழப்பில்லை.

அடுத்த சிக்கல் பதிப்பாசிரியர்கள். ஒரே புத்தகத்தில் இருவகைப் பதிப்பாசிரியர்கள் இருக்கலாம். ஒருவர் அந்தப் புத்தகத்துக்குள் உள்ள கட்டுரைகளைத் திரட்டிச் செப்பம் செய்தவர். மற்றவர் முழு வெளியீட்டையும் திட்டமிட்டு, எந்தத் தொகுதியை யார் எழுதுவது என்று முடிவு செய்தவர். ஆசிரியரின் பெயரும் சேர்ந்தால் மூன்று பேர் ஆகிவிடுவார்கள். யார் எதைச் செய்தார் என்பதை இடத்தால் காட்டுவதே வழக்கம்: பதிப்பாசிரியரின் பெயர் எந்தத் தலைப்பை அடுத்து வருகிறதோ, அந்தத் தலைப்புக்கே அவர் உரியவர். நூலின் தலைப்பை அடுத்து வந்தால் அந்த நூலின் பதிப்பாசிரியர். பெருநூலின் தலைப்பை அடுத்து வந்தால் முழு வெளியீட்டின் பதிப்பாசிரியர்.

சிகாகோ நடைக் கையேட்டை ஒட்டி, சுவெலபிலின் 1974ஆம் ஆண்டு நூலுக்கான நூற்பட்டியல் பதிவைத் தமிழில் அமைத்தால் இப்படி வரும்:

சுவெலபில், கமில். தமிழ் லிட்டரேச்சர். எ ஹிஸ்டரி ஆஃப் இந்தியன் லிட்டரேச்சர் என்பதன் தொகுதி 10, பகுதி 1. பொதுப் பதிப்பாசிரியர் யான் கோண்டா. வீஸ்பாடன்: ஓட்டோ ஹாரசோவிட்ஸ், 1974.

கோண்டாவின் பெயரை இரண்டு தலைப்புகளுக்கும் நடுவே வைத்திருந்தால், சுவெலபில் எழுதியதைக் கோண்டா திருத்திப் பதிப்பித்தார் என்று பொருள்பட்டுவிடும். பெயரை ஓர் இடம் முன்னே நகர்த்தினாலே ஒருவரின் உழைப்பு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும் என்பதால் இதில் கவனம் வேண்டும். அதே வெளியீட்டில் வேத இலக்கியம் பற்றிய முதற்பகுதியைக் கோண்டாவே எழுதினார். அது 1975இல் வந்தது. அதைச் சான்று காட்டும்போது அவர் பெயர் இரண்டு இடங்களில் வரும்: தொடக்கத்தில் ஆசிரியராகவும், பெருநூலின் தலைப்புக்குப் பிறகு பொதுப் பதிப்பாசிரியராகவும்.

வரிசை நூலுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. நூலின் தலைப்பு, அதன் பதிப்பாசிரியர் இருந்தால் அவர் பெயர், பிறகு வரிசையின் பெயர், எண், கடைசியாகப் பதிப்பக விவரம். வரிசையின் பதிப்பாசிரியரைச் சிகாகோ நடை பொதுவாக விட்டுவிடச் சொல்கிறது. அது சரியான முடிவே. நூற்றுக்கணக்கான நூல்கள் வந்த வரிசையில் பதிப்பாசிரியர்கள் காலந்தோறும் மாறுவார்கள். நூலைத் தேட அந்தப் பெயர் உதவுவதில்லை. நூல்களின் தலைப்பைச் சாய்வெழுத்தில் தரும் ஆங்கில வழக்கில்கூட, வரிசையின் பெயர் நேரெழுத்தில்தான் வரும். எழுத்தின் சாய்வைப் பார்த்தே இது பெருநூலா வரிசையா என்று பழகிய கண் கண்டுகொள்ளும்.

தமிழ்ப் புத்தகங்களில் தனியாக எச்சரிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல பதிப்பகங்களும் நிறுவனங்களும் தலைப்புப் பக்கத்திலோ அதன் பின்புறத்திலோ ‘வெளியீடு’ என்று ஓர் எண்ணைத் தருவது வழக்கம். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் புத்தகங்களில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். அந்த எண், பதிப்பகம் அதுவரை வெளியிட்ட நூல்களின் கணக்கு. தொகுதி எண்ணும் அல்ல, பொருளால் இணைந்த வரிசையின் எண்ணும் அல்ல. அதைத் ‘தொகுதி’ என்று எழுதிவிட்டால், இல்லாத நூற்றுக்கணக்கான தொகுதிகளைப் படிப்பவர் தேட வேண்டியிருக்கும்.

எண்கள் காலவரிசையைக் காட்டும் என்றும் நம்பக்கூடாது. ஜோசப் நீதம் திட்டமிட்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1954 முதல் வெளியிட்டுவரும் சீன அறிவியல் வரலாற்றின் ஐந்தாம் தொகுதி வேதியியல் பற்றியது. அது பல பகுதிகளாகப் பிரிந்தது. அதன் இரண்டாம் பகுதி 1974இல் வந்துவிட்டது. காகிதமும் அச்சும் பற்றிய முதற்பகுதியோ 1985இல்தான் வந்தது. ‘நீதம், தொகுதி 5’ என்று மட்டும் எழுதினால் எந்தப் புத்தகம் என்பதும் தெரியாது, எந்த ஆண்டு என்பதும் தெரியாது. இன்னொரு பிழையும் நேரும். காகிதம், அச்சு பற்றிய அந்தப் பகுதியை எழுதியவர் நீதம் அல்லர். சீன நூல் வரலாற்றறிஞர் சியென். முதுகட்டையில் பெரிதாகத் தெரிவது நீதமின் பெயர் என்பதால், சியெனின் ஆய்வு நீதமின் பெயரில் சான்று காட்டப்படுவதுண்டு. இங்கே பதிவு சியென் பெயரில் தொடங்க வேண்டும். நீதமின் பெயர் பெருநூலின் தலைப்போடு நிற்க வேண்டும். ஆண்டும் அந்தப் பகுதிக்குரிய 1985தான். முழு வெளியீட்டையும் குறிக்கும்போது மட்டும், பேரகராதிக்கு 1924–1936 என்பதுபோல், தொடக்க ஆண்டும் முடிந்த ஆண்டும் தரப்படும்.

தொகுதி எண்ணுக்கும் தொகுதிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடும் அடிக்கடி தவறுகிறது. ‘தொகுதி 6’ என்றால் ஆறாவது புத்தகம். ‘6 தொகுதிகள்’ என்றால் முழு வெளியீடும். ஒரே தொகுதியைப் பயன்படுத்தியவர் முதலாவதையே எழுத வேண்டும். முழு வெளியீட்டையும் நூற்பட்டியலில் சேர்த்தவர், அடிக்குறிப்பில் தொகுதியையும் பக்கத்தையும் முக்காற்புள்ளியால் இணைத்து 3:214 என்பதுபோலத் தருவார். மூன்றாம் தொகுதி, 214ஆம் பக்கம் என்பது அதன் பொருள். பக்கத்தைவிட நம்பகமான எண் நூலுக்குள்ளேயே இருந்தால் அதையே தரலாம். இந்தியத் தொல்லியல் துறையின் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளைச் சான்று காட்டுவோர், தொகுதி எண்ணை அடுத்துக் கல்வெட்டின் எண்ணைத் தருவது அதனால்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய இரண்டாம் தொகுதி எந்த மறுஅச்சில் கிடைத்தாலும் கல்வெட்டு எண் மாறாது.

இப்போது பலரும் குறிப்புகளைக் கையால் எழுதாமல் ஸோடிரோ போன்ற மென்பொருளில் சேமிக்கிறார்கள். அதன் புத்தகப் படிவத்தில் `Volume`, `# of Volumes`, `Series`, `Series Number` என்று நான்கு தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. நூலகத் தளத்திலிருந்து விவரத்தை இறக்கும்போது தொகுதி எண் `Series Number` கட்டத்தில் போய் உட்காருவதுண்டு. பொதுப் பதிப்பாசிரியர் நூலின் ஆசிரியராகவே பதிவாவதும் உண்டு. பெயருக்கு இடப்புறம் உள்ள பட்டியலில் `Author`, `Editor`, `Series Editor` ஆகியவற்றுள் உரியதைத் தேர்ந்தால் இரண்டாவது பிழை தீரும். முதலாவதைத் தீர்க்கப் புத்தகத்தையே திறந்து பார்க்க வேண்டும். அட்டையையும் முதுகையும் நம்பாமல், தலைப்புப் பக்கத்தையும் அதன் எதிர்ப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெருநூலின் தலைப்பும் தொகுதி எண்ணும் பொதுப் பதிப்பாசிரியரின் பெயரும் பெரும்பாலும் அந்த எதிர்ப்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும்.