சோடியம் குறைந்தால் சிறுநீரை ஏன் கேட்கிறார்கள்?

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் இரண்டு நாளாகத் தடுமாறிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135க்கு மேல். உப்பு குறைந்துவிட்டது, சலைன் ஏற்றுங்கள் என்பார்கள் வீட்டார். பெரும்பாலும் குறைவது உப்பல்ல, கூடுவது தண்ணீர்.

அதனால் சலைன் ஏற்றுவதற்கு முன்பே சிறுநீர் மாதிரி எடுத்துவிட வேண்டும். முதலில் பார்ப்பது ஆஸ்மோலாலிட்டி, அதாவது சிறுநீரின் அடர்த்தி. அது 100க்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் தண்ணீரை ஒழுங்காக வெளியேற்றுகிறது. அளவுக்கு மீறிக் குடித்தாரா, சாப்பாடே இறங்கவில்லையா என்று விசாரிக்கலாம். இவருக்கோ 600. வாசோபிரசின் ஹார்மோன் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது.

ஏன் பிடிக்கிறது என்பதைச் சிறுநீர் சோடியம் காட்டும். வாந்தி, பேதியில் உடல் வறண்டிருந்தால் சிறுநீரகம் உப்பை விடாது. அளவு 30க்குக் கீழே நிற்கும். அவருக்குச் சலைன் சரியான மருந்து. இவருக்கு 70. வீக்கமில்லை, ரத்த அழுத்தமும் சரி. மனச்சோர்வுக்குப் புதிதாகத் தொடங்கிய செர்ட்ராலின் மாத்திரைமேல்தான் சந்தேகம் போகிறது. இவருக்குச் சலைன் ஏற்றினால், அதிலுள்ள உப்பைச் சிறுநீரகம் ஏறக்குறைய அரை லிட்டரில் கழித்துவிட்டு மீதித் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும். சோடியம் இன்னும் இறங்கும்.

நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவரிடம் இந்தக் கணக்கு பிசகும். உடல் வறண்டிருந்தாலும் சிறுநீரில் சோடியம் கூடவே காட்டும். தைராய்டு, கார்டிசால் குறைபாடுகளையும் ஒதுக்கிய பிறகே மாத்திரைமேல் பழி போட முடியும்.