கோயில் கேமராவிலிருந்து யூடியூப் வரை

ஐபி கேமரா, கேட்பவருக்குப் படம் கொடுக்கும்; தானாக எங்கும் கொண்டுபோய்க் கொடுக்காது. யூடியூப் போன்ற தளமோ, யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். எந்தக் கேமராவையும் தேடிப்போய்க் கேட்காது. இரண்டும் இப்படிக் காத்துக்கொண்டே இருந்தால் படம் நகராது. நடுவில் ஒன்று நின்று ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்க வேண்டும். வாங்கும் வழிக்கு ஆர்டிஎஸ்பி என்று பெயர். கொடுக்கும் வழிக்கு ஆர்டிஎம்பி.

ஆர்டிஎஸ்பி 1998-இல் வரையறுக்கப்பட்ட நெறிமுறை. கண்காணிப்புக் கேமராக்கள் பெரும்பாலும் 554 என்ற போர்ட்டில் இதற்காகக் காத்திருக்கும். அலுவலக அறையில் இருக்கும் ரெக்கார்டரோ, கணினியில் ஓடும் விஎல்சி பிளேயரோ வந்து கேட்டால் படத்தை அனுப்பும்.

ஆர்டிஎம்பி, ஃபிளாஷ் பிளேயருக்காக மேக்ரோமீடியா நிறுவனம் உருவாக்கியது. அந்த நிறுவனத்தை 2005-இல் வாங்கிய அடோபி, 2009-இல் நெறிமுறையின் விவரங்களை வெளியிட்டது. 2020 முடிவோடு ஃபிளாஷ் ஓய்ந்தது. பார்வையாளரின் திரைக்குப் படம் கொண்டுபோகும் வேலையும் ஆர்டிஎம்பியிடமிருந்து போயிற்று. ஆனால் நேரலையைத் தளத்திடம் ஒப்படைக்கும் வேலையில் அது இன்றும் இருக்கிறது. ஒளிபரப்பு மென்பொருள்களும் தளங்களும் ஏற்கெனவே அதற்குப் பழகியிருந்ததே காரணம்.

இந்த வழியில் இன்னொரு வசதியும் உண்டு. வீட்டு பிராட்பேண்டிலும் மொபைல் டேட்டாவிலும் பல சமயம் தனி இணைய முகவரி கிடைப்பதில்லை. வெளியிலிருந்து யாரும் உள்ளே இருக்கும் கேமராவை எட்ட முடியாது. ஆர்டிஎம்பியில் உள்ளே இருப்பவரே வெளியே போய்க் கொடுப்பதால் அந்தத் தடை குறுக்கே வருவதில்லை. ரவுட்டரில் 554 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிட வேண்டிய தேவையும் இல்லை. அப்படித் திறந்துவிட்ட கேமராக்களின் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கவே இணையத்தில் தானியங்கி நிரல்கள் ஓயாமல் அலைகின்றன.

ஒரு தேர்த் திருவிழா

ராஜகோபுரத்தையும் தேர்நிலையையும் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கும் கோயிலை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்புக்காக வைத்த கேமரா அது. தேர்த் திருவிழாவை வெளியூரில் இருப்பவர்களும் பார்க்க அதையே யூடியூபில் விட வேண்டும். சில கேமராக்களின் அமைப்புப் பக்கத்திலேயே RTMP என்றொரு பகுதி இருக்கும். அங்கே தளத்தின் முகவரியைப் போட்டால் கேமராவே அனுப்பிவிடும். இந்தக் கேமராவில் அது இல்லை. ஆகவே ரெக்கார்டருக்குப் பக்கத்தில் ஒரு ராஸ்ப்பெரி பை சிறுகணினியை வைத்து, அதே நெட்வொர்க்கில் கேபிள் வழியாக இணைத்து, அதில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டலாம்.

முதல் வேலை யூடியூப் பக்கம். சேனலுக்குத் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்து நேரலைக்கு அனுமதி பெற வேண்டும். முதன்முறை அது கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், தேருக்கு முதல் நாள் இரவு தொடங்கினால் சிக்கல். அனுமதி வந்ததும் நேரலைப் பக்கத்தில் Stream URL, Stream key என்று இரண்டு கிடைக்கும். முன்னது எல்லாருக்கும் பொதுவான முகவரி. பின்னது அந்தச் சேனலுக்கு மட்டுமே உரிய நீண்ட எழுத்துக் கோவை. அதை வைத்திருக்கும் எவரும் அந்தச் சேனலில் ஒளிபரப்பலாம் என்பதால் கடவுச்சொல்லைப் போலவே காக்க வேண்டும்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

அடுத்தது கேமராவின் வீடியோ அமைப்பு. புதிய கேமராக்கள் இடத்தை மிச்சப்படுத்த H.265 முறையில் படத்தைச் சுருக்கும். ஆர்டிஎம்பியின் மூல வடிவில் அதற்கு இடமே இல்லை. பின்னாளில் வந்த விரிவாக்கம் அதை ஏற்றாலும், இருபுறமும் புதிய மென்பொருள் வேண்டும். H.264 என்று மாற்றிவிடுவதே வம்பில்லாத வழி. H.264+ போன்ற சிக்கன வசதி இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும்.

ஏன் அணைக்க வேண்டும்? கேமரா நொடிக்கு 25 படம் எடுத்தாலும் 25-ஐயும் முழுதாக அனுப்புவதில்லை. ஒரு முழுப்படத்தை அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்பும். கோபுரம் அசையாது, கொடி அசையும். கொடி இருக்கும் இடம் மட்டும் போகும். நேரலையை இடையில் திறப்பவருக்கோ கையில் முந்தைய முழுப்படம் இல்லை. அடுத்த முழுப்படம் வந்தால்தான் அவர் திரையில் எதுவும் தெரியும். தளமும் நேரலையைச் சிறு துண்டுகளாக நறுக்கியே பார்வையாளர்களுக்கு அனுப்புகிறது. முழுப்படம் இருக்கும் இடத்தில்தான் நறுக்க முடியும். அதனால்தான் இரண்டு நொடிக்கு ஒரு முழுப்படம் இருக்கட்டும், நான்கு நொடியைத் தாண்ட வேண்டாம் என்று யூடியூப் சொல்கிறது. சிக்கன வசதியோ, காட்சியில் அசைவு இல்லாதபோது முழுப்படங்களுக்கு இடையிலான நேரத்தை நீட்டிவிடும்.

நொடிக்கு 25 படம் என்றால் I-frame interval என்ற கட்டத்தில் 50 என்று போட வேண்டும். தெளிவு 1920×1080, வேகம் நொடிக்கு 4,000 கிலோபிட், அதுவும் ஏறி இறங்காத நிலையான வேகம். கோபுரக் காட்சிக்கு இது போதும்.

ஒலியில் ஒரு தனிச் சிக்கல். பல கேமராக்கள் தொலைபேசிக்கு உரிய G.711 முறையில் ஒலியை அனுப்பும்; அது யூடியூபுக்கு ஆகாது, ஏஏசி முறைக்கு மாற்ற வேண்டும். மைக்கே இல்லாத கேமராவானால் ஒலித்தடமே இருக்காது. அப்போது படம் போயும் நேரலை தொடங்காமல் நிற்கக்கூடும். கோயிலைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. திருவிழாவில் ஒலிபெருக்கி பக்திப் பாடல்களைப் போட்டுக்கொண்டே இருக்கும். யூடியூப் நேரலைகளிலும் காப்புரிமை உள்ள பாடல்களைத் தேடும். கண்டால் எச்சரித்து, பாட்டு தொடர்ந்தால் ஒளிபரப்பையே நிறுத்திவிடலாம். ஆகவே இங்கே கேமராவின் ஒலியை விட்டுவிட்டு மௌனமான ஒலித்தடம் ஒன்றைச் சேர்ப்பது இரண்டு சிக்கலையும் ஒன்றாகத் தீர்க்கிறது.

ஒரே ஒரு கட்டளை

எல்லாம் சரியானதும் சிறுகணினியில் தர வேண்டிய கட்டளை இது:

```
ffmpeg -rtsp_transport tcp -timeout 5000000 \
  -i "rtsp://user:pass@192.168.1.64:554/Streaming/Channels/101" \
  -f lavfi -i anullsrc=r=44100:cl=stereo \
  -map 0:v -map 1:a -c:v copy -c:a aac -b:a 128k -shortest \
  -f flv "rtmp://a.rtmp.youtube.com/live2/STREAM-KEY"
```

`rtsp://` என்று தொடங்குவது கேமராவின் முகவரி. அதன் பிற்பகுதி கேமராவின் தயாரிப்புக்கு ஏற்ப மாறும். இங்கே இருப்பது ஹிக்விஷன் கேமராக்களின் வடிவம். 101 என்பது முழுத் தெளிவுள்ள முதன்மைப் படம். 102 என்றால் சிறிய படம். கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் அதற்குப் பதிலாக `%40` என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் முகவரி அங்கேயே இரண்டாக உடைந்துபோகும்.

`anullsrc` மௌன ஒலியை உண்டாக்குகிறது. இரண்டு `-map` குறிப்புகளும் படத்தைக் கேமராவிலிருந்தும் ஒலியை இந்த மௌனத்திலிருந்தும் எடுக்கச் சொல்கின்றன. `-c:v copy` என்பதில்தான் சிக்கனம் இருக்கிறது. கேமரா ஏற்கெனவே சுருக்கித் தந்த படத்தைப் பிரித்து மறுபடி சுருக்காமல் அப்படியே உறை மாற்றி அனுப்பு என்று அதற்குப் பொருள். அதனால்தான் ஒரு சிறுகணினியே இந்த வேலைக்குப் போதுமானதாகிறது. வேகத்தையும் முழுப்பட இடைவெளியையும் கேமராவிலேயே முடிவு செய்ய வேண்டியிருந்ததற்கும் இதுவே காரணம். வழியில் எதுவும் திருத்தப்படுவதில்லை.

எங்கே சறுக்கும்

கட்டளை ஓடத் தொடங்கியதும் திரையின் கடைசி வரியில் `speed=` என்று ஓர் எண் தெரியும். அது 1x-ஐ ஒட்டி நின்றால் கேமரா தரும் வேகத்திலேயே தளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 0.8x என்று இறங்கி அங்கேயே நின்றால் இணையத்தின் அப்லோடு வேகம் போதவில்லை. பார்ப்பவர் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும், சற்று நேரத்தில் இணைப்பே அறுந்துபோகலாம். அப்போது கேமராவில் வேகத்தை 2,500 கிலோபிட் என்று குறைக்க வேண்டும். 4 மெகாபிட் அனுப்ப 6 மெகாபிட் அப்லோடாவது இருந்தால் மூச்சு முட்டாது. விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம் என்பதால், அப்லோடைத் தனியாக அளந்து பார்ப்பது நல்லது.

`401 Unauthorized` என்று வந்தால் கேமராவின் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. `Connection refused` என்றால் முகவரியோ போர்ட்டோ தவறு. நன்றாக ஓடிக்கொண்டிருந்து `Broken pipe` என்று நின்றால் தளத்தோடு இருந்த இணைப்பு அறுந்துவிட்டது. படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் இழுபட்டுத் தெரிந்தால் கேமராவிலிருந்து வரும் வழியில் தகவல் சிதறுகிறது; கட்டளையில் `tcp` விடுபட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரம் போய்க் கேமரா அணைந்தால் எஃப்எஃப்எம்பெக் முடிவே இல்லாமல் காத்து நிற்கக்கூடும். `-timeout` அதற்காகத்தான், எண் மைக்ரோ நொடியில் இருப்பதால் 5000000 என்பது ஐந்து நொடி. கேமரா அவ்வளவு நேரம் பேசாவிட்டால் மென்பொருள் தானே நின்றுவிடும். நின்றதை மறுபடி எழுப்ப, கட்டளையை ஒரு கோப்பில் வைத்து லினக்ஸின் சேவையாகப் பதிவு செய்ய வேண்டும்:

```
[Service]
ExecStart=/home/pi/live.sh
Restart=always
RestartSec=10
```

இதன்படி எப்போது நின்றாலும் பத்து நொடியில் மீண்டும் தொடங்கும்.

டேட்டா கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். படமும் ஒலியும் சேர்ந்து மணிக்குச் சுமார் 1.9 ஜிபி, நாளுக்குச் சுமார் 45 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில், தேர் முதல் தெருவைத் திரும்புமுன்னே டேட்டா தீர்ந்துவிடும். பிராட்பேண்ட் என்றாலும், மாதம் முழுக்க ஓடினால் 1,300 ஜிபியைத் தாண்டும்.

நேரலை என்றாலும் பார்ப்பவருக்குப் படம் உடனே வருவதில்லை. தளம் அதை வாங்கி, பல அளவுகளில் மாற்றி, துண்டுகளாக அனுப்புவதால், சாதாரண அமைப்பில் பத்து முதல் முப்பது நொடி வரை பிந்தும். 12 மணி நேரத்துக்கு உட்பட்ட ஒளிபரப்பை மட்டுமே யூடியூப் தானாகப் பதிவாக வைக்கும் என்பதால், பத்து நாள் திருவிழாவை ஒரே நீட்டாக ஓட்டாமல் நாளுக்கு ஒன்றாகத் தொடங்கி முடிக்க வேண்டும். தேர் நிலைக்கு வந்ததும் சேவையை நிறுத்திவிட்டு, யூடியூபில் Stream key பக்கத்தில் இருக்கும் Reset பொத்தானை அழுத்தினால், பழைய கோவையை யாராவது குறித்து வைத்திருந்தாலும் அது அதன்பின் பயன்படாது.